10% ஹைக்: ஃபிக்ஸட் மேலா, சிடிசி மேலா? மாதக் கையில் எவ்வளவு கூடும்?

கேள்வி: என் சிடிசி 15 லட்சம். அதில் ஃபிக்ஸட் 12 லட்சம், வேரியபிள் 3 லட்சம். இந்த வருட அப்ரைசலில் 10% ஹைக் என்று மேனேஜர் சொல்லிவிட்டார், லெட்டர் இன்னும் வரவில்லை. எங்கள் கம்பெனியில் ஹைக் ஃபிக்ஸட் மேல் மட்டும்தான் என்கிறார்கள். வேறு கம்பெனியில் இருக்கும் நண்பனுக்கு மொத்த சிடிசி மேல் 10%. எனக்கு மாதா மாதம் எவ்வளவு குறையும்? புதிய வரி முறையில் இருக்கிறேன், சென்னையில் வேலை.

பதில்:

மாதச் சம்பளத்தை மட்டும் பார்த்தால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூடக் குறையாமல் போகலாம். ஃபிக்ஸட் மேல் 10% போட்டாலும், சிடிசி மேல் 10% போட்டு அதைப் பழைய விகிதத்திலேயே பிரித்தாலும், உங்கள் ஃபிக்ஸட் 13,20,000 என்ற ஒரே இடத்துக்குத்தான் வந்து நிற்கும். மாதா மாதம் வங்கிக் கணக்கில் விழும் தொகை ஃபிக்ஸடிலிருந்துதான் வருகிறது. அதனால் "எதன் மேல் ஹைக்?" என்பதைவிட "புது ஃபிக்ஸட் எவ்வளவு?" என்று கேட்பதுதான் உங்களுக்கு உதவும். சிடிசி மேல் 10% என்று பெருமையாகச் சொல்லப்படும் ஹைக்கில் மாதச் சம்பளம் மூவாயிரத்துக்கும் குறைவாகக் கூடுகிற சூழ்நிலையும் உண்டு, பத்தாயிரத்தைத் தாண்டுகிற சூழ்நிலையும் உண்டு. உங்கள் எண்களையே வைத்துப் பார்த்துவிடலாம்.

முதலில் இப்போது உங்கள் கைக்கு என்ன வருகிறது என்று பார்ப்போம். நீங்கள் சொல்லாத சில விஷயங்களை நான் ஊகித்துக்கொள்கிறேன். பேசிக், ஃபிக்ஸடில் பாதி, அதாவது 6 லட்சம். நிறுவனம் போடும் பிஎஃப் பங்கும் கிராஜுவிட்டியும் இந்த 12 லட்சத்துக்கு உள்ளேயே இருக்கின்றன. பிஎஃப் முழு பேசிக்குக்கும் 12%. பல ஐடி நிறுவனங்களின் அனெக்ஷர் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். உங்களுடையது வேறு மாதிரி இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பேசிக் 6 லட்சம் என்றால் நிறுவனத்தின் பிஎஃப் பங்கு வருடத்துக்கு 72,000. கிராஜுவிட்டிக்குப் பேசிக்கில் 4.81% ஒதுக்குவார்கள், அது 28,860. (ஒரு வருட வேலைக்குப் பதினைந்து நாள் சம்பளம், மாதத்துக்கு 26 வேலை நாள் என்ற கணக்கிலிருந்து வருவதுதான் இந்த 4.81.) இந்த இரண்டையும் 12 லட்சத்திலிருந்து கழித்தால் பேஸ்லிப்பில் கிராஸ் என்று தெரிவது 10,99,140. அதிலிருந்து உங்கள் பங்கு பிஎஃப் இன்னொரு 72,000 போகும். சென்னையில் தொழில் வரி ஆறு மாதத்துக்கு 1,250, வருடத்துக்கு 2,500. மீதி 10,24,640. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 85,387.

வருமான வரியைக் காணோமே என்று தோன்றும். 2025-26 நிதியாண்டின் புதிய முறையில் நிலையான கழிவு 75,000 போக, வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் தள்ளுபடி கிடைத்து வரி பூஜ்ஜியமாகிவிடும். உங்கள் ஃபிக்ஸடை மட்டும் எடுத்தால் வரிக்குரியது 10,24,140தான். வேரியபிளைக் கையில் கொடுக்கிற மாதத்தில் அதற்கான வரியைப் பிடித்துக்கொள்கிற நிறுவனமாக இருந்தால், மற்ற மாதங்களில் டிடிஎஸ் இருக்காது. வேரியபிளையும் முன்கூட்டியே சேர்த்து மாதா மாதம் பிடிக்கிற நிறுவனங்களும் இருக்கின்றன. அந்தக் கணக்கு கொஞ்சம் சுவாரசியமானது, பின்னால் வருகிறேன்.

சரி, இப்போது 10% ஹைக். இந்த ஒரே வாக்கியம் நான்கு விதமாக நடைமுறைக்கு வரலாம்.

உங்கள் கம்பெனி செய்வதாகச் சொல்வது முதல் விதம். 12 லட்சத்தின் மேல் 10%, ஃபிக்ஸட் 13,20,000. வேரியபிள் 3 லட்சமாகவே இருக்கும். மொத்த சிடிசி 16,20,000. அதாவது சிடிசி கணக்கில் பார்த்தால் உங்களுக்கு வந்தது 8%தான். மனதை உறுத்துவது இந்த 8தான், ஆனால் மாதச் சம்பளத்தைப் பாருங்கள். கூடுதலாக வந்த 1,20,000-இல் நிறுவனத்தின் பிஎஃப் பங்கு 7,200, கிராஜுவிட்டி 2,886, உங்கள் பிஎஃப் 7,200 போக மீதி 1,02,714. மாதத்துக்கு 8,560 கூடி, கைக்கு 93,946 வரும்.

இரண்டாவது, நண்பனுடைய கம்பெனி மாதிரி சிடிசி மேல் 10%, பழைய 80:20 விகிதம் அப்படியே. சிடிசி 16,50,000, ஃபிக்ஸட் 13,20,000, வேரியபிள் 3,30,000. ஃபிக்ஸட் முதல் விதத்தில் இருந்த அதே எண். கைக்கு வருவதும் அதே 93,946. சிடிசியில் தெரிகிற 30,000 வித்தியாசம் முழுக்க வேரியபிளில்தான் போய் உட்கார்ந்திருக்கிறது.

மூன்றாவது, தொகையை சிடிசி மேல் கணக்கிட்டு, அந்த 1,50,000 முழுவதையும் ஃபிக்ஸடில் சேர்ப்பது. ஃபிக்ஸட் 13,50,000, வேரியபிள் பழைய 3 லட்சம். மாதம் 10,699 கூடும், கைக்கு 96,086. ஊழியருக்கு இதுதான் சிறந்தது. நடைமுறையில் அடிக்கடி பார்க்க முடியாது. கம்பெனியை விட்டுப் போகிறவரைத் தக்கவைக்கப் பேரம் பேசும்போது சில சமயம் கிடைக்கும்.

நான்காவது விதத்தில்தான் கவனம் வேண்டும். புரமோஷனோடு வரும் ஹைக்கில் இது சகஜம். கிரேடு உயர்ந்தால் வேரியபிள் சதவீதமும் உயரும். உங்கள் சிடிசி 10% கூடி 16,50,000 ஆகிறது, ஆனால் புது கிரேடில் வேரியபிள் 25% என்று வைத்துக்கொள்வோம். அப்போது வேரியபிள் 4,12,500, ஃபிக்ஸட் 12,37,500. ஃபிக்ஸட் கூடியது 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். மாதம் 2,675 ரூபாய். புரமோஷனும் வந்து, 10% ஹைக்கும் வந்து, பேஸ்லிப்பைத் திறந்தால் மூவாயிரம்கூடக் கூடவில்லையே என்று திகைப்பவர்களில் பலர் இந்த வகை. லெட்டரில் எந்தப் பொய்யும் இருக்காது. 10% என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி, வருமா வராதா என்று தெரியாத பக்கம் போய்விட்டது.

ஆக, அதே "10%", மாதக் கணக்கில் 2,675, 8,560, 8,560, 10,699. உங்கள் கம்பெனியின் வழக்கம் இதில் கடைசி இடத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் நண்பனுக்குக் கூடுதலாகக் கிடைத்த அந்த 30,000 என்ன ஆகிறது? அது வேரியபிள். நிறுவனத்தின் லாபம், உங்கள் பிரிவின் நிலை, உங்கள் ரேட்டிங் என்று பெருக்கிப் பார்த்து முழுதாகவோ, 80 சதவீதமோ, அதற்கும் கீழேயோ கொடுப்பார்கள். முழுதாகவே வந்தாலும் உங்கள் வருமான அளவில் அது 15% வரி அடுக்கில் விழும். 4% செஸ் சேர்த்து 15.6%. கைக்கு 25,320. வேரியபிள் 80%தான் வந்தது என்றால் அந்த 30,000-இல் 24,000தான் கிடைக்கும், வரி போக 20,256. இதெல்லாம் வருடத்துக்கு ஒரு முறை. பட்டுவாடா நாளில் நீங்கள் வேலையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். ஆறு மாதத்தில் வேறு கம்பெனி பார்க்கும் எண்ணத்தில் இருப்பவருக்கு அந்த 30,000-க்குப் பெரிய மதிப்பு கிடையாது. நான்கைந்து வருடமாக வேரியபிள் நூறு சதவீதத்துக்குக் குறையாமல் கொடுத்து வரும் கம்பெனியில் இருப்பவருக்கு அது நல்ல பணம்தான்.

ஒப்பிட இன்னொரு கணக்கு. ரூபாய் அளவில் உங்கள் சிடிசி மேல் 10% என்பதும் ஃபிக்ஸட் மேல் 12.5% என்பதும் சமம். இரண்டும் 1,50,000. ஒருவேளை பேரம் பேச இடம் இருந்து, ஃபிக்ஸட் மேல் 12% தருகிறேன் என்றோ, சிடிசி மேல் 10% பழைய விகிதத்தில் தருகிறேன் என்றோ கேட்டால், 12%தான் எடுக்க வேண்டும். சிடிசி 16,44,000 என்று ஆறாயிரம் குறைவாகத் தெரியும். ஆனால் ஃபிக்ஸட் 13,44,000, மாதக் கையில் 1,712 ரூபாய் அதிகம். அதோடு அடுத்த வருட ஹைக்கும் இந்த உயர்ந்த ஃபிக்ஸட் மேல்தான் போடப்படும்.

இனி டிடிஎஸ் விஷயம். மேலே சொன்ன மாத எண்களில் வரி இல்லை, ஏனென்றால் வேரியபிளுக்கான வரி அந்த மாதத்தில்தான் பிடிக்கப்படும் என்று வைத்துக்கொண்டோம். ஆனால் வரி மொத்த வருமானத்துக்குத்தான். உங்கள் பழைய சம்பளத்தில், 3 லட்சம் வேரியபிள் முழுதாக வந்தால், வரிக்குரிய வருமானம் 13,24,140. வரி, செஸ் சேர்த்து 81,766. இந்த முழு வரியும் வேரியபிள் வரும் மாதத்தின் தலையில் விழும். 3 லட்சத்தில் கைக்கு 2,18,234.

ஹைக்குக்குப் பிறகு முதல் விதத்தில் வேரியபிள் அதே 3 லட்சம். ஆனால் ஃபிக்ஸட் கூடிவிட்டதால் மொத்த வரி 98,912 ஆகிவிடுகிறது. வேரியபிளில் கைக்கு 2,01,088தான். போன வருடத்தைவிட 17,146 ரூபாய் குறைவு! சம்பளம் கூடியிருக்கிறது, வேரியபிள் அப்படியே இருக்கிறது, கைக்கு வந்த போனஸ் மட்டும் இறங்கியிருக்கிறது. பேரோலில் தவறு என்று சண்டைக்குப் போக வேண்டாம். மாதா மாதம் 8,560 வரி இல்லாமல் வாங்கிக்கொண்டதற்கான வரி இங்கே பிடிக்கப்படுகிறது, அவ்வளவுதான். வருடம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்கு உண்மையில் கூடியது 85,568, மாதச் சராசரி 7,131. ஹைக்கின் மதிப்பு என்று மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய எண் இது. இஎம்ஐ கணக்குப் போடும்போது 8,560-ஐ வைத்துக்கொண்டு, போனஸும் பழையபடி வரும் என்று நினைத்தால் ஒரு மாதம் இடிக்கும்.

உங்கள் நிறுவனம் வேரியபிளையும் சேர்த்து மாதா மாதம் டிடிஎஸ் பிடிக்கிற வகை என்றால் கதை கொஞ்சம் மாறும். முதல் விதத்தில் மாதம் கூடுவது 7,131. இரண்டாவது விதத்தில், அதாவது நண்பனின் கம்பெனி முறையில், 6,741! சிடிசி 30,000 அதிகம், மாதச் சம்பளம் 390 ரூபாய் குறைவு. இன்னும் கைக்கு வராத வேரியபிளுக்கான வரியை மாதா மாதம் முன்கூட்டியே கட்டிக்கொண்டிருப்பதால் வருகிற விளைவு. வேரியபிள் குறைவாக வந்தால், கூடுதலாகப் பிடித்ததைப் பிந்தைய மாதங்களின் டிடிஎஸ்ஸில் சரிக்கட்டுவார்கள், அல்லது ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். அதுவரை அந்தப் பணம் உங்களிடம் இல்லை.

வரியில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. உங்களுக்குப் பொருந்தாது, ஆனால் உங்களைவிடக் கொஞ்சம் குறைவாக வாங்கும் சக ஊழியர்களுக்கு மிகவும் பொருந்தும். வரிக்குரிய வருமானம் 12 லட்சத்தைத் தாண்டியதும் தள்ளுபடி போய்விடும். ஒரேயடியாக 60,000 வரி விழுந்துவிடக் கூடாது என்பதற்காக, 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு சம்பாதித்தீர்களோ அதற்கு மேல் வரி போகாது என்று ஒரு நிவாரணம் வைத்திருக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. அதன் மறுபக்கம், 12 லட்சத்துக்கும் சுமார் 12.7 லட்சத்துக்கும் நடுவில் கூடும் ஒவ்வொரு ரூபாயும் வரியாகவே போய்விடும், மேலே செஸ் வேறு.

ஒருவருக்குப் போன வருடம் ஃபிக்ஸடின் கிராஸும் வேரியபிளும் சேர்ந்து 12,70,000 வந்தது என்று வைத்துக்கொள்வோம். 75,000 போக 11,95,000, வரி பூஜ்ஜியம். இந்த வருடம் 13,30,000. வரிக்குரியது 12,55,000. சாதாரணக் கணக்கில் வரி 68,250 வரும், நிவாரணத்தால் அது 55,000-இல் நிற்கும். செஸ் சேர்த்து 57,200. கூடியது 60,000, வரி 57,200. மிச்சம் 2,800, அதிலிருந்தும் பிஎஃப் கூடுதலாகப் போகும். இந்த இடத்தில் இருப்பவருக்கு சிடிசி மேல் ஹைக் போட்டு வேரியபிளை 30,000 கூட்டிக் கொடுத்தால், அதில் பெரும்பகுதி வரித்துறைக்குத்தான் போய்ச் சேரும். அவர் கேட்க வேண்டியது வேறு: நிறுவனத்தின் தேசிய ஓய்வூதியத் திட்டப் பங்களிப்பாக அதை மாற்ற முடியுமா என்று. புதிய முறையிலும் அதற்குப் பேசிக்கில் 14% வரை கழிவு உண்டு. கைக்கு வராது, ஆனால் வரியாகவும் போகாது.

அடுத்து, "ஃபிக்ஸட்" என்று உங்கள் கம்பெனி எதைச் சொல்கிறது என்பது. இதற்குச் சட்டத்தில் வரையறை எதுவும் இல்லை, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நான் எடுத்துக்கொண்ட உதாரணத்தில் நிறுவனத்தின் பிஎஃப், கிராஜுவிட்டி இரண்டும் ஃபிக்ஸடுக்கு உள்ளே. அதனால்தான் மாதம் 10,000 கூடினால் 8,560 கைக்கு வந்தது. சில நிறுவனங்களில் ஃபிக்ஸட் என்றால் பேஸ்லிப் கிராஸ் மட்டும். பிஎஃப் பங்கும் கிராஜுவிட்டியும் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பிரீமியமும் தனித் தலைப்பில் சிடிசியில் சேரும். அங்கே 10,000 கூடினால் உங்கள் பங்கு பிஎஃப் 600 மட்டும் போய் 9,400 கைக்கு வரும். பிஎஃப்பை மாதம் 1,800 என்று நிறுத்தி வைத்திருக்கும் நிறுவனமென்றால் (15,000 ரூபாய் என்ற சட்ட உச்சவரம்பில் 12%), கூடும் தொகையில் பிஎஃப் எதுவும் கழியாது. கிராஜுவிட்டி உள்ளே இருந்தாலும் 10,000-க்கு 9,760 வரை கைக்கு வந்துவிடும். ஆக, ஒரே 12 லட்சம் ஃபிக்ஸட், ஒரே 10%, ஆனால் இரண்டு பேருக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம். இதில் பிஎஃப்புக்குப் போவது உங்கள் கணக்கில்தான் சேர்கிறது, அதை இழப்பாக நினைக்க வேண்டாம். கிராஜுவிட்டி அப்படி இல்லை. நிரந்தர ஊழியர் ஐந்து வருடம் முடிக்காமல் விலகினால் பொதுவாக அது கிடைக்காது. ஆனாலும் வருடா வருடம் சிடிசியில் அதைக் காட்டிக்கொண்டேதான் இருப்பார்கள்.

இந்த வருட ஹைக்கில் குறிப்பாகப் பார்க்க வேண்டியது பேசிக் விகிதம். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. பேசிக், பஞ்சப்படி போன்ற "ஊதியம்" மொத்தத்தில் பாதிக்குக் குறையக் கூடாது, அலவன்ஸ்கள் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கணக்கிடப்படும் என்பது அதன் சாரம். அதனால் பேசிக்கை 40 சதவீதத்தில் வைத்திருந்த நிறுவனங்கள் ஹைக் கொடுக்கிற சாக்கில் 50-க்கு மாற்றலாம். உங்கள் பேசிக் இதுவரை ஃபிக்ஸடில் 40%தான் இருந்தது என்றால், இப்போது கைக்கு வருவது 85,387 இல்லை, 88,268. ஃபிக்ஸட் 13,20,000 ஆகி பேசிக் 40%-லேயே நின்றால் மாதம் 8,848 கூடும். அதே ஹைக்கோடு பேசிக் 50% ஆனால் கூடுவது 5,678தான். மூவாயிரத்துக்கு மேல் பிஎஃப்புக்கும் கிராஜுவிட்டிக்கும் நகர்ந்துவிடும். கிராஜுவிட்டியில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. பிஎஃப்பில் 15,000 என்ற வரம்புக்கு மேல் பிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை, அது நிறுவனத்தின் முடிவு. பழைய பிஎஃப் தொகையிலேயே நிறுத்திக்கொள்ள முடியுமா என்று எச்ஆரிடம் கேட்டுப் பார்க்கலாம், சில இடங்களில் விருப்பத் தேர்வு கொடுப்பார்கள்.

லெட்டர் வந்ததும் முதல் பக்கத்தில் இருக்கும் சதவீதத்தை விட்டுவிட்டு, நேராக அனெக்ஷருக்குப் போங்கள். பழைய அனெக்ஷரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புது ஃபிக்ஸடைப் பழைய ஃபிக்ஸடால் வகுத்துப் பாருங்கள். 1.10 வந்தால் மேலே சொன்ன முதல் அல்லது இரண்டாவது விதம். அதற்கும் கீழே வந்தால் வேரியபிள் சதவீதம் மாறியிருக்கிறது, அல்லது முன்பு இல்லாத ஏதோ ஒன்று சிடிசிக்குள் நுழைந்திருக்கிறது. ரிட்டென்ஷன் போனஸ், இன்ஷூரன்ஸ் பிரீமியம், கம்பெனிப் பங்குகள், இப்படி எதுவாகவும் இருக்கலாம். அப்புறம் பேசிக்கை ஃபிக்ஸடால் வகுத்து, பழைய விகிதம்தானா என்று பாருங்கள். இந்த இரண்டு வகுத்தலும் சரியாக இருந்தால் மாதச் சம்பளத்தில் வேறு அதிர்ச்சி இருக்காது.

எச்ஆருக்கு மெயில் போடுவதாக இருந்தால் "ஹைக் சிடிசி மேலா, ஃபிக்ஸட் மேலா?" என்று கேட்காதீர்கள். பாலிசியை ஒரு வரியில் எழுதி அனுப்பிவிட்டு முடித்துவிடுவார்கள். புது வருடாந்திர ஃபிக்ஸட், புது வேரியபிள் தொகை, புது பேசிக், பிஎஃப் முழு பேசிக்குக்கா 1,800-ஆ, வேரியபிளுக்கு வரி எப்போது பிடிக்கப்படும் என்று எண்களாகக் கேளுங்கள். எண்ணாகக் கேட்டால் எண்ணாகத்தான் பதில் சொல்ல முடியும்.

கடைசியாக ஒன்று. ஹைக் ஏப்ரலிலிருந்து என்று லெட்டரில் இருந்து, சம்பளம் ஜூலையில்தான் மாறுகிறது என்றால், ஜூலை பேஸ்லிப்பில் மூன்று மாத அரியரும் சேர்ந்து வரும். அதைப் பார்த்து ஹைக் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று நினைத்துவிடாதீர்கள். அரியருக்கும் பிஎஃப் பிடிப்பார்கள். அந்த மாதம் டிடிஎஸ்ஸும் ஏறுமாறாக இருக்கலாம். ஆகஸ்ட் பேஸ்லிப்பை மார்ச் பேஸ்லிப்போடு ஒப்பிடுங்கள். ஆனால் சென்னையில் தொழில் வரியின் அரையாண்டுத் தவணையான 1,250-ஐப் பல நிறுவனங்கள் ஒரே மாதத்தில் பிடித்துவிடும். இரண்டில் ஒரு மாதத்தில் மட்டும் அது இருந்தால், அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டு ஒப்பிடுங்கள்.